அமிலத்துக்கு pH எட்டு வந்த நாள்

மேல்நிலை மாணவர்களுக்கு வேதியியல் கற்பித்துவரும் இத்தனை ஆண்டுகளில், அயனிச் சமநிலைப் பாடத்தின் ஒரு சிறிய கணக்கு ஏறக்குறைய ஒவ்வொரு வகுப்பிலும் ஒரே இடத்தில் தவறிவிடுவதைக் கண்டிருக்கிறேன். 25 டிகிரி செல்சியஸில் 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் pH என்ன என்பதே அந்தக் கணக்கு. வலிமை மிகு அமிலம் முழுவதும் பிரிகையடைவதால் அமிலத்தின் செறிவே ஹைட்ரஜன் அயனியின் செறிவு என்று எடுத்துக்கொண்டு, மடக்கை கண்டு, விடை 8 என்று எழுதிவிடுவார்கள். ஒரு மாணவி மட்டும் அந்த எட்டின் கீழே கோடிட்டு, "ஐயா, அமிலத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் அது காரமாகிவிடுமா?" என்று கேட்டாள். நான் நடத்தவேண்டிய பாடம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது.

எளிய முறை கணக்கில் சேர்க்காமல் விடுவது தண்ணீரைத்தான். தூய நீர் தானாகவே சிறிதளவு பிரிந்து, ஹைட்ரஜன் அயனியையும் ஹைட்ராக்சைடு அயனியையும் தலா 10⁻⁷ மோலார் அளவில் தருகிறது. அமிலம் 0.01 மோலாராக இருக்கும்போது இந்தப் பங்கு ஒரு பொருட்டே அல்ல; அதே அமிலம் 10⁻⁸ மோலாராக இறங்கும்போது, கரைசலில் உள்ள ஹைட்ரஜன் அயனிகளில் பெரும்பகுதி தண்ணீரிலிருந்து வந்ததாகிவிடுகிறது.

இதைச் சொன்னவுடன் வகுப்பில் அடுத்த தவறு பிறக்கும். அப்படியானால் இரண்டையும் கூட்டிவிடலாம் என்று 10⁻⁷ உடன் 10⁻⁸ ஐச் சேர்த்து 1.1 × 10⁻⁷ என்று எழுதி, 6.96 என்ற விடைக்கு வருவார்கள். உண்மையான விடைக்கு அருகில் இருப்பதால் இது சரியென்றே தோன்றும். ஆனால் அமிலம் தரும் ஹைட்ரஜன் அயனி, பொது அயனி விளைவினால் நீரின் பிரிகையைச் சற்றே பின்னுக்குத் தள்ளுகிறது. ஆகவே தண்ணீரின் பங்கு 10⁻⁷ என்ற அளவில் அப்படியே நிற்பதில்லை. அமிலச் செறிவு 10⁻⁷ ஆக இருக்கும்போது இந்தப் பிழை தெளிவாகத் தெரியும்: கூட்டினால் 6.70 வருகிறது, சரியான விடையோ 6.79.

சரியான வழி மின்சுமைச் சமநிலையிலிருந்து தொடங்குகிறது. கரைசலில் நேர்மின் அயனி ஹைட்ரஜன் ஒன்றே. எதிர்மின் அயனிகள் குளோரைடும் ஹைட்ராக்சைடும். கரைசல் மொத்தத்தில் மின்சுமையற்றது என்பதால் இரு பக்கமும் சமமாக இருக்கவேண்டும். குளோரைடின் செறிவு அமிலச் செறிவான C. ஹைட்ராக்சைடை நீரின் அயனிப்பெருக்கமான Kw ஐக் கொண்டு எழுதலாம்.

[H⁺] = C + Kw/[H⁺]

[H⁺]² − C[H⁺] − Kw = 0

[H⁺] = (C + √(C² + 4Kw)) / 2

C = 10⁻⁸, Kw = 10⁻¹⁴ என்று இட்டால், வர்க்கமூலத்துக்குள் 4.01 × 10⁻¹⁴ கிடைக்கிறது. அதன் வர்க்கமூலம் 2.0025 × 10⁻⁷. அத்துடன் 10⁻⁸ ஐக் கூட்டி இரண்டால் வகுத்தால் 1.051 × 10⁻⁷, pH 6.98. சரிபார்ப்பதும் எளிது: ஹைட்ராக்சைடு 0.951 × 10⁻⁷ என்று வரும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நாம் ஊற்றிய அமிலத்தின் 10⁻⁸ ஆகவே இருக்கும்.

எட்டு என்ற விடை தன் தவறைத் தானே காட்டிக்கொடுக்கிறது என்பதால் அதைப் பற்றி நான் அதிகம் அஞ்சுவதில்லை. 3 × 10⁻⁷ மோலார் அமிலத்துக்கு எளிய முறை 6.52 என்று தரும். சரியான விடை 6.48. ஏழுக்குக் கீழே அமைதியாக உட்கார்ந்திருக்கும் இந்தப் பிழையை யாரும் சந்தேகிப்பதில்லை. எனவே, செறிவு 10⁻⁶ க்குக் கீழே இறங்கினால் இருபடிச் சமன்பாட்டைப் போடச் சொல்கிறேன். 10⁻⁶ இல் எளிய முறையின் பிழை ஹைட்ரஜன் அயனிச் செறிவில் ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான். அதற்கு மேல் அதைத் தாராளமாக நம்பலாம்.

கேள்வி கேட்ட அந்த மாணவி அதோடு விடவில்லை. அளந்து பார்க்கவேண்டும் என்றாள். 0.01 மோலார் அமிலத்தில் 1 மில்லிலிட்டரைப் பிப்பெட்டால் எடுத்து 100 மில்லிலிட்டர் திட்டக் குடுவையில் குறிவரை நிரப்பி, அதையே மும்முறை செய்து 10⁻⁸ மோலாருக்கு வந்தோம். மின்முனையைத் தோய்த்தபோது எண் ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்து, ஆறுக்குக் கீழே போயிற்று. அவள் முகம் வாடியது. சமன்பாட்டில் குறை இல்லை. திறந்த பீக்கரில் காற்றின் கார்பன் டை ஆக்சைடு கரைந்துகொண்டிருந்தது. காற்றுடன் சமநிலையை எட்டிய தூய நீரின் pH ஏறத்தாழ 5.6, அதாவது கரைந்த வாயு தரும் ஹைட்ரஜன் அயனி, எங்கள் அமிலம் தருவதைப்போல் ஏறக்குறைய 250 மடங்கு. அயனிகள் மிகக் குறைந்த நீரில் கண்ணாடி மின்முனை நிலையான அளவீடு தரவும் தடுமாறும். மறுநாள் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூடிக் குளிரவைத்து, அதைக்கொண்டு அமிலத்தை மீண்டும் நீர்க்கச் செய்தோம். எண் ஏழை நோக்கி ஏறியது, ஆனாலும் 6.98 இல் நிற்கவில்லை. தன் பதிவேட்டில் கணக்கிட்ட மதிப்பு, அளந்த மதிப்பு என்று இரண்டையும் தனித்தனியே எழுதி, இரண்டாவதன் பக்கத்தில் "பீக்கர் திறந்திருந்தது" என்று அவள் குறித்துவைத்தாள்.