ஓடிபி வராமலே போன எண்ணூறு ரூபாய்

என் அக்காவுக்கு ஓடிபி மேல் இருக்கும் நம்பிக்கை அபாரமானது. "யார் கேட்டாலும் நான் ஓடிபி சொல்ல மாட்டேன், அப்புறம் எவன் என் காசைத் தொட முடியும்?" என்பதுதான் எப்போதும் அவள் கட்சி. அப்படிப்பட்டவள் ஒரு சனிக்கிழமை ராத்திரி போன் பண்ணினாள்.

"தம்பி, பேங்க்ல ஒரு ரூபா குறையல. ஓடிபி வரல. யுபிஐ பின் யாரும் போடல. ஆனா எண்ணூறு ரூபாய்க்கு ரோபக்ஸோ என்னமோ வாங்கியிருக்கேன்னு கூகுள்லேர்ந்து மூணு மெயில் வந்திருக்கு. பேய் ஏதாவது வாங்குதாடா?"

பேய் எதற்கு ரோபக்ஸ் வாங்குகிறது? ரோபக்ஸ் என்பது ரோப்லாக்ஸ் விளையாட்டுக்குள் செல்லுபடியாகும் காசு. சட்டை, தொப்பி, செல்லப்பிராணி, சில விளையாட்டுகளில் கூடுதல் சக்தி எல்லாம் அதைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அந்த வீட்டில் அது தேவைப்படுகிற ஒரே ஜீவன் ஒன்பது வயசில், நாலாம் வகுப்பில் இருக்கிறது. ஆனால் துப்பறியும்போது உடனே குற்றவாளியைச் சொல்லிவிட்டால் மரியாதை இருக்காது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வருகிறேன் என்று சொல்லி வைத்தேன். எங்கள் குடும்பத்தில் செல்போன் ரிப்பேருக்கு இதுதான் கட்டணம்.

முதலில் காசு எங்கிருந்து போனது என்று பார்த்தோம். பிளே ஸ்டோரில் மேலே வலது மூலையில் இருக்கும் நம் படத்தைத் தொட்டால் Payments & subscriptions என்று வரும். அதற்குள் Budget & history. மூன்று கொள்முதலும் அங்கே வரிசையாக இருந்தன. ஒன்றைத் தொட்டதும் விஷயம் விளங்கிவிட்டது. பணம் வந்த இடம் 'Google Play balance'. போன மாசம் பையனின் பிறந்தநாளுக்கு அவன் சித்தப்பா ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கூகுள் பிளே கிஃப்ட் கோடு அனுப்பியிருந்தார். பையன் விளையாடுவது அக்கா போனில் என்பதால் அதை அக்காவின் கணக்கிலேயே ஏற்றியிருந்தார்கள். ஏதோ வாங்கியது போக மிச்சம் அப்படியே கிடந்திருக்கிறது.

அக்காவின் ஓடிபி சித்தாந்தம் உடைந்த இடம் இதுதான். ஓடிபி கேட்பது பேங்க் கார்டுக்கு. பின் கேட்பது யுபிஐக்கு. பிளே கணக்கில் ஏற்கெனவே ஏறிவிட்ட காசு பேங்கைத் தாண்டி வந்துவிட்டது, இனி பேங்குக்கு அதில் எந்த வேலையும் இல்லை. சில போஸ்ட்பெய்டு இணைப்புகளில் விளையாட்டுச் செலவை மாசக் கடைசி போன் பில்லோடு சேர்த்துவிடும் வசதியும் உண்டு. இந்த வழிகளில் எல்லாம் காவலுக்கு நிற்பது பிளே ஸ்டோரின் சொந்தப் பூட்டு மட்டும்தான். அந்தப் பூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க Settings-க்குள் போய் Purchase verification-ஐத் திறந்தேன்.

பூட்டு பூட்டித்தான் இருந்தது! ஒவ்வொரு தடவையும் கேட்கும்படி Always என்றே போட்டிருந்தது. கீழே கைரேகை சரிபார்ப்பும் இயக்கத்தில்.

"பாத்தியா, நான் எல்லாம் கரெக்டா வெச்சிருக்கேன்" என்றாள் அக்கா. "என் விரல் வெக்காம யாரும் வாங்க முடியாது."

"உன் விரல்தானா?"

போனின் கைரேகைப் பட்டியலைத் திறந்தேன். நான்கு விரல்கள் இருந்தன. பெயர்கள் எல்லாம் Finger 1, Finger 2 என்ற ரீதியில். பல போன்களில் இந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சென்சாரில் விரலை வைத்தால், அது எந்த விரலோ அந்த வரி மட்டும் மினுங்கும். எனவே ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி குடும்பத்தையே வரிசையில் நிறுத்தினேன். அக்கா வலது கட்டைவிரல், ஒன்று. அக்கா இடது, இரண்டு. தாத்தா, அதாவது என் அப்பா, "எனக்கு எதுக்குடா" என்றபடியே வைத்தார், மூன்றாவது வரி மினுங்கியது. பையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். "கை ஈரமா இருக்கு மாமா" என்றான். துடைத்துவிட்டு வைக்கச் சொன்னேன். நான்காவது வரி பளிச்சென்றது.

விசாரணையில் தாத்தா உடைந்துவிட்டார். போன வருஷ லீவில், "சும்மா சும்மா போனைத் தொறந்து குடுங்கன்னு உயிரை வாங்கினான், அதான் அவன் விரலையும் சேத்துவிட்டேன்" என்றார். பிளே ஸ்டோர் கைரேகை கேட்கிறதே தவிர, அது அம்மாவின் கைரேகையா, மகனுடையதா என்று அதற்குக் கவலையில்லை. போனில் பதிவான எந்த விரலும் அதற்கு வீட்டுச் சொந்தக்காரர்தான்.

சம்பந்தப்பட்டவன் அதற்குள் தேறிவிட்டான். "அது என் பர்த்டே காசுதானே மாமா? என் காசுல நான் வாங்கினா தப்பா?" அக்கா என்னைப் பார்த்தாள். நான் ரசத்தைப் பார்த்தேன். வாங்கி 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் காசைத் திருப்பிக் கேட்டுப் பார்க்கலாம், இன்னும் நேரம் இருந்தது. ஆனால் வாங்கியதைச் செலவழித்துவிட்டுக் காசையும் திரும்ப வாங்கினால் விளையாட்டுக் கணக்கே முடங்கக்கூடும். பையன் வாதத்திலும் சத்து இருந்ததால், காசைக் கேட்க வேண்டாம், கதவை மட்டும் சாத்துவோம் என்று தீர்மானமாயிற்று.

பிளே ஸ்டோரில் கைரேகையை நிறுத்திவிட்டு, வாங்கும்போதெல்லாம் கூகுள் பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்தேன். அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "ஒவ்வொரு தடவையும் அவ்வளவு நீளத்தை யாருடா டைப் பண்றது? அரை மணிக்கு ஒரு தடவைன்னு ஒண்ணு இருக்கே, அதைப் போடு."

அந்த அரை மணி நேரத்துக்கு ஒரு சரித்திரமே உண்டு. அம்மா எதற்கோ ஒரு தடவை பாஸ்வேர்டு அடிப்பார், அடுத்த முப்பது நிமிஷம் பிள்ளைக்குக் கதவு திறந்தே கிடக்கும். ஆப்பிளில் அது பதினைந்து நிமிஷம். அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி இதைப் பிடித்துக்கொண்டு, 2014-ல் ஆப்பிளைக் குறைந்தது 3.25 கோடி டாலரும், கூகுளைக் குறைந்தது 1.9 கோடி டாலரும் பெற்றோர்களுக்குத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொள்ள வைத்தது. இதைச் சொன்னதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "நமக்கும் அதுல ஏதாவது வருமா?" இல்லை என்றதும் Always-க்கு ஒப்புக்கொண்டாள். இந்த அமைப்பு அந்தந்த போனுக்கு மட்டும்தான். அதே கணக்கு டேப்லெட்டிலும் இருந்தால் அங்கேயும் தனியாகப் போய் வைக்க வேண்டும், வைத்தேன்.

அடுத்து பின் நம்பர்கள். ஸ்கிரீன் லாக் என்ன என்று கேட்டேன். அக்கா வாயைத் திறப்பதற்குள் பையன் சொன்னான். அவன் பிறந்த வருஷம். யுபிஐ பின்? அதையும் அவனே சொன்னான், அதுவும் அவன் பிறந்த வருஷம். அண்ணாச்சி கடையில் தாத்தாவுக்குக் கண்ணாடி இல்லாதபோதெல்லாம் பின் போடுவது அவன்தானாம். பாசத்தை இப்படி நாலு இலக்கத்தில் காட்டாதே என்று அக்காவிடம் சொன்னேன்.

ஸ்கிரீன் லாக் பின் தெரிந்த பிள்ளைக்கு விரலை நீக்குவதெல்லாம் ஒரு பொருட்டே அல்ல. அதைப் போட்டு உள்ளே போய் மறுபடி விரலைச் சேர்த்துக்கொள்ளலாம். பாஸ்வேர்டுகளை போனிலேயே சேமித்து வைத்திருந்தால், அவற்றைத் திறந்து படிக்கவும் பல போன்களில் அதே பின் போதும். எனவே முதலில் அதை மாற்றினோம், ஆறு இலக்கமாக. யுபிஐக்கு வேறு எண். அதன் பிறகு அக்காவின் இரண்டு விரல்களைத் தவிர மற்றவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கினேன். பிளே ஸ்டோரின் Payment methods-இல் ஒட்டிக்கொண்டிருந்த கார்டையும் எடுத்துவிட்டேன்.

இவ்வளவு நேரம் காசைப் பற்றித்தான் பேசினோம். ரோப்லாக்ஸ் கணக்கைத் திறந்தால் அது இன்னும் மோசம். மின்னஞ்சல் எதுவும் சேர்க்கவில்லை. பாஸ்வேர்டு, வகுப்பில் மூன்று பேருக்குத் தெரியும், "அவங்க எனக்காக லெவல் ஏத்திக் குடுப்பாங்க." அதில் ஒருத்தன் இலவச ரோபக்ஸ் கிடைக்கும் என்று சொல்லி, லேப்டாப்பில் ஒரு நீளமான எழுத்துக் குவியலை நகலெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறான். அது இப்படித் தொடங்கும்:

```
_|WARNING:-DO-NOT-SHARE-THIS.
```

இது பிரவுசரில் இருக்கும் உள்நுழைவுக் குக்கி. கையில் கிடைத்தவன் பாஸ்வேர்டு இல்லாமலே, இரண்டாம் கட்ட சோதனையும் இல்லாமலே, உங்கள் பெயரிலேயே உள்ளே நுழைந்துவிடலாம். இலவச ரோபக்ஸ் என்று எதுவுமே கிடையாது என்பதை ரோப்லாக்ஸ் நிறுவனமே சொல்கிறது. "முதல் வரியிலேயே யாருக்கும் குடுக்காதேன்னு பெரிய எழுத்துல போட்டிருக்கேடா?" என்றேன்.

"இங்கிலீஷ்ல இருந்துச்சு மாமா. யாரு படிப்பா?"

நல்லவேளை, காப்பி பண்ணத் தெரியாமல் பாதியில் விட்டுவிட்டானாம். பாஸ்வேர்டை மாற்றி, அக்காவின் மின்னஞ்சலைச் சேர்த்து உறுதிசெய்து, இரண்டாம் கட்ட சோதனையை இயக்கினேன். இனி புது இடத்திலிருந்து யார் நுழைந்தாலும் எண் அக்காவின் மெயிலுக்கு வரும். எதற்கும் இருக்கட்டும் என்று, மற்ற கருவிகள் எல்லாவற்றிலிருந்தும் கணக்கை வெளியேற்றினேன். வகுப்பு நண்பர்களில் எத்தனை பேர் அந்த நிமிஷம் வெளியே வந்து விழுந்தார்களோ.

கடைசியாக அக்கா பெயரில் ஒரு பெற்றோர் கணக்கு தொடங்கி, அவள் பெரியவள்தான் என்று நிரூபித்து, பையன் கணக்கோடு இணைத்தோம். பழைய நாலு இலக்கப் பெற்றோர் பின்னை 2024 கடைசியில் மாற்றி இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். இதில் மாசம் எவ்வளவு செலவழிக்கலாம் என்று உச்சவரம்பு வைக்கலாம். பிளே ஸ்டோரிலும் பட்ஜெட் என்று ஒன்று உண்டு, ஆனால் அது 'தாண்டப் போறீங்க' என்று சொல்லுமே தவிர தடுக்காது. அக்கா உச்சவரம்பைப் பூஜ்யம் என்றாள், பையன் ஐந்நூறு என்றான். நூற்றைம்பதில் முடிந்தது. மூன்றாவது மாசத்திலிருந்து பேச்சுவார்த்தைக்கு இடமுண்டு என்ற ஷரத்தை அவன் எழுதி வாங்கிக்கொண்டான்.

எல்லாம் முடித்து மறுபடியும் சாப்பிட்டு வீடு திரும்பினேன். செவ்வாய்க்கிழமை தாத்தா போன். "ஏண்டா, என் விரலையும் தூக்கிட்டியாமே? சாயங்காலம் செய்தி பாக்க முடியல." அக்காவிடம் பின் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

புதன்கிழமை ராத்திரி அக்கா கூப்பிட்டாள். "தம்பி, மறுபடி அந்தப் பின்னை மாத்தணும்."

"ஏன், பையன் கண்டுபுடிச்சிட்டானா?"

"அவன் எங்க கண்டுபுடிச்சான்? அப்பா ஒவ்வொரு நம்பரையும் சத்தமா சொல்லிட்டே டைப் பண்றார். பக்கத்து வீட்டு மாமிக்கே தெரிஞ்சிருச்சு."