கரும்புச் சாம்பலும் கதவடி பிரஷும்

ஒருவழியாக எங்கள் வெருலம் ஃபிளாட்டின் வாசல் கதவடி இடுக்கு அடைபட்டுவிட்டது. கரும்பு எரிக்கும் மாதங்களில் டர்பனுக்கு வடக்கே இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். காலையில் கூட்டித் துடைத்தால், மாலைக்குள் கதவடியில் கருஞ்சாம்பல் சுருள் சுருளாகக் கிடக்கும். எங்கள் மாடி நடை திறந்தவெளி என்பதால் காற்று நேராக வந்து மோதும்.

முன்பு குடியிருந்தவர் ரப்பர் பட்டை போட்டிருந்தார். உள்பக்கம் திறக்கும் கதவுக்கு அது சரிப்படவில்லை. கதவை மூடும்போது ரப்பரின் நுனி தரையில் இழுபட்டு உள்பக்கமாக மடிந்து நிற்கும். வெளிக்காற்று அதைத் தூக்கிவிட்டு உள்ளே வரும், படபடவென்று சத்தம் வேறு. வெளிப்பக்கம் மாட்டலாமென்றால் இரும்பு கேட் இடிக்கிறது. அதனால் அலுமினியச் சட்டத்தில் பதித்த பிரஷ் பட்டை வாங்கினேன். வழக்கமான 813 மில்லிமீட்டர் கதவுக்கு அந்த நீளத்திலேயே கிடைக்கிறது. கீல் பக்கம் மட்டும் சில மில்லிமீட்டர் அறுத்தேன். அறுக்காவிட்டால் கதவை அகலத் திறக்கும்போது நிலையில் முட்டும்.

உயரம் வைப்பதுதான் பாடாய்ப் படுத்தியது. மூடிய நிலையில் கீல் பக்கம் இடைவெளி 7, பூட்டுப் பக்கம் 12. கதவை முழுக்கத் திறந்தால் பூட்டுப் பக்கமும் 8 ஆகிவிடுகிறது, உள்ளே டைல் மேடு. ஆகவே அளவை மூடிய நிலையில்தான் எடுக்க வேண்டும். சட்டம் கதவின் விளிம்போடு அல்ல, தரையோடு இணையாகச் சாய்ந்து நிற்க வேண்டும். நீள் துளைகளின் நடுவில் திருகாணியை லேசாக முடுக்கி, பிரஷுக்கு அடியில் ஒரு காகிதத்தைச் செருகி இழுத்துப் பார்த்தேன். காகிதம் தடையோடு வந்தால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் சட்டம் இன்னும் இறங்க வேண்டும். பிரஷ் முடி 2 மில்லிமீட்டர் வளைந்தால் போதும். அதற்கு மேல் அழுத்தினால், டைல் மேட்டில் முடி நிரந்தரமாகப் படுத்துவிடும்.

இரவில் விளக்கை அணைத்து, நடையில் டார்ச்சைத் தரையோடு வைத்துப் பார்த்தேன். அடிப்பக்கம் இருட்டு, பூட்டுப் பக்க மூலையில் மட்டும் ஒரு வெளிச்சக் கீற்று. கரப்பானுக்கு 3 மில்லிமீட்டர் இடுக்கே தாராளம். நிலையின் தடுப்புப் பட்டியை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, D வடிவ ரப்பர் ஸ்ட்ரிப்பைத் தரைவரை இறக்கி ஒட்டினேன். இதில் கனமானதை எடுக்காதீர்கள். தாழ்ப்பாள் நாக்கு குழிக்குள் விழாது, கதவை ஒவ்வொரு முறையும் இடித்துத்தான் மூட வேண்டும். பக்கத்து ஃபிளாட் அக்கா வீட்டில் இப்போது அந்தக் கதைதான், தினமும் எங்கள் சுவர் அதிர்கிறது.

சாம்பல் நின்றுவிட்டது, கரப்பானையும் காணோம். எறும்பு மட்டும் பிரஷ் முடிக்குள் புகுந்து வருகிறது, அதற்கு மருந்துதான் வழி. கீல் பக்கத்து ஸ்ட்ரிப் இன்னும் பாக்கி. அதற்குள் படுக்கையறைக் கதவுக்குத் தானாக இறங்கும் பட்டை ஒன்றைக் கடையில் பார்த்துவைத்துவிட்டேன். கதவை மூடினால் நிலையில் பொத்தான் அமுங்கி ரப்பர் கீழே இறங்குகிறது, திறந்தால் மேலே ஏறிவிடுகிறது, டைல் மேட்டில் உரசாது. விலைதான் பிரஷைவிடப் பல மடங்கு.