லாக் ஷீட்டில் ஒரு வரி

பினாங்கில் ஒரு தனியார் நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் வேலை செய்கிறேன். போன வருடம் எங்கள் கட்டடத்தைக் குளிர்விக்கும் இரண்டு சில்லர் இயந்திரங்களைப் பராமரிக்க டெண்டர் விட்டோம். ஏழு பேர் போட்டார்கள். முன்பெல்லாம் ஒரு புரொபோசல் இருபது, முப்பது பக்கம் இருக்கும். இந்த முறை ஒன்று 140 பக்கம்.

மூன்றாவதைப் படிக்கும்போதே ஏற்கெனவே படித்த மாதிரி இருந்தது. 'முழுமையான அணுகுமுறை', 'தொடர் கண்காணிப்பு', 'உலகத் தரம்' என்று எல்லாரும் ஒரே பாட்டைப் பாடியிருந்தார்கள். ஒருவர் குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் உறையாமல் பாதுகாப்போம் என்று எழுதியிருந்தார். பினாங்கில்! ஏஐ எழுதிக் கொடுத்ததை ஒரு தடவைகூடப் படித்துப் பார்க்காமல் அனுப்பியிருக்கிறார்.

சிரித்தாலும் மார்க்கைக் குறைக்க வழியில்லை. எங்கள் படிவத்தில் 'செயல்முறை விளக்கம்' 30 மார்க். நன்றாக எழுதியிருந்தால் மார்க் போட்டே ஆக வேண்டும். ஏழில் ஆறு பேர் 25க்கும் 28க்கும் நடுவில் வந்தார்கள். ஏழாவது பட்டர்வர்த்தில் உள்ள ஒரு சின்ன கம்பெனி. 14 பக்கம், எழுத்துப் பிழையோடு. 15 மார்க். டெண்டர் மூடிய பிறகு மார்க் முறையை மாற்றினால் அது மோசடி. அதனால் யாருக்கும் கொடுக்காமல் ரத்து செய்து, புது படிவத்தோடு மறுபடி விட்டோம். பழைய ஒப்பந்தக்காரரை மூன்று மாதம் நீட்டிக்க வேண்டியதாயிற்று, மேலிடத்தில் திட்டும் வாங்கினேன்.

ஏஐயைப் பயன்படுத்தினாரா என்று கண்டுபிடிக்கும் வேலையில் நாங்கள் இறங்கவில்லை. அதை நிரூபிக்க முடியாது. ஆங்கிலம் சரியாக வராத நல்ல டெக்னீஷியன் அதன் உதவியோடு எழுதினால் அதில் தப்பும் இல்லை. சரிபார்க்க முடிந்ததற்கு மட்டும் மார்க் என்று முடிவு செய்தோம். வர்ணனைக்கு இடம் உண்டு, மார்க் கிடையாது என்று டெண்டர் ஆவணத்திலேயே போட்டுவிட்டோம்.

பழைய வேலைகள் மூன்றைக் கேட்டோம். எந்தக் கட்டடம், எத்தனை டன் திறனுள்ள சில்லர், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, அங்கே அலுவலகத் தொலைபேசி எண். கைத்தொலைபேசி வேண்டாம் என்றோம், அதை மச்சான்கூட எடுத்துப் பேசலாம். அனுப்பப்போகும் ஆட்களின் பெயரும், அவர்கள் அந்தக் கம்பெனி ஆட்கள்தான் என்று காட்டும் இபிஎஃப் சேமநிதிப் பட்டியலும் வேண்டும், சம்பளத்தை மறைத்துவிடலாம். மின்சார வேலையைப் பார்க்கும் சார்ஜ்மேனின் சான்றிதழ் எண்ணும் கேட்டோம். ஒரே சார்ஜ்மேன் இரண்டு கம்பெனிகளின் புரொபோசலில் இருந்தார்! இருவருக்கும் ஒரே மாதிரி விளக்கக் கடிதம் அனுப்பினோம். ஒரு இடத்திலிருந்து அவர் முன்பே விலகிவிட்டார், பழைய நகலை வைத்தே போட்டிருக்கிறார்கள். அந்த வரிக்குப் பூஜ்யம். வேறு ஆளைச் சேர்க்க விடவில்லை, மூடிய பிறகு டெண்டரைத் திருத்த யாருக்கும் அனுமதி இல்லை.

அதிக மார்க் வேறொரு கேள்விக்கு. இடம் பார்க்க வந்த எல்லாருக்கும் சில்லர் காட்டும் அளவுகளை எங்கள் ஆட்கள் எழுதிவைக்கும் லாக் ஷீட்டின் மூன்று மாத நகலைக் கொடுத்து, 'என்ன தெரிகிறது, முதலில் என்ன செய்வீர்கள்? ஒரே பக்கத்தில் எழுதுங்கள்' என்றோம். கண்டென்சரில்தான் குளிர்விக்கும் கேஸின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். முதல் சில்லரில் அந்த கேஸின் வெப்பநிலைக்கும் வெளியேறும் தண்ணீரின் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசம் 1.5 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு ஏறியிருந்தது. டியூப் உள்ளே படிவு கட்டினால் இப்படித்தான் ஏறும்.

நான்கு பேர் 'விரிவான ஆய்வு மேற்கொள்வோம்' என்று ஒரு பக்கத்தை நிரப்பினார்கள். இரண்டு பேர் டியூபைப் பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும் என்றார்கள், சரியான பதில். அதில் ஒருவரின் மற்ற பக்கங்கள் அச்சு அசல் ஏஐ நடைதான். ஆனாலும் அந்தப் பதிலுக்கு முழு மார்க் போட்டோம்.

பட்டர்வர்த்காரர் ஏழு வரிதான் எழுதியிருந்தார். தண்ணீர் ஓட்டம் குறைந்ததா என்று முதலில் பம்ப் கேஜைப் பார்ப்பேன், சரியாக இருந்தால் டியூபைத் திறப்பேன். இரண்டாவது பம்ப்பின் கேஜ் முள் பம்ப் நிற்கும்போதும் அசையவில்லை, அதை நம்ப வேண்டாம். கடைசி வரியில், 'இரண்டாவது சில்லரில் கேஸ் 35 டிகிரி, தண்ணீர் 36 என்று போட்டிருக்கிறீர்கள். தண்ணீர் அதைவிடச் சூடாக முடியாது.'

அது நாங்கள் வைத்த பொறி இல்லை. எங்கள் ஆட்கள் மூன்று மாதமாக அந்த 36ஐ எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். மார்க் போடுவதற்கு முன் பராமரிப்பு அண்ணனைக் கூட்டிக்கொண்டு கீழே போனேன். குழாயில் இருக்க வேண்டிய சென்சார் வெளியே நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. அது காட்டிய 36 அந்த அறையின் காற்று வெப்பநிலை. அண்ணன் எதுவும் பேசவில்லை, அதைப் பிடித்து உள்ளே செருகினார்.