மட்டக்களப்பு கல்லடியில் வீதி விளக்குப் பெட்டிக்கு விலைமனு கேட்ட அனுபவம்

எங்கள் குறுக்கு வீதிகளில் 18 விளக்குகள். சந்திக் கம்பத்தில் இருக்கிற சுவிட்சைப் போட்டால் எல்லாம் ஒன்றாக எரியும். அதைப் போடுகிற ஐயா ஊரில் இல்லாத நாளில் காலை ஒன்பது மணி வெயிலிலும் எரிந்துகொண்டே நிற்கும். இதைத் தானியங்கியாக்க வேண்டும் என்று குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்தில் முடிவானது. செயலாளர் என்பதால் கடிதம் எழுதும் வேலை என் தலையில்.

கம்பம் மின்சார சபையுடையது, விளக்கு மாநகர சபையுடையது. சங்கம் காசு போடலாமே தவிர அதில் கை வைக்க ஏலாது. அதனால் முதலில் மாநகர சபையிடம் எழுத்தில் ஒரு சம்மதம் வாங்கிக்கொண்டோம்.

தலைவர் எழுதிவைத்திருந்த நகல் இரண்டே வரி: "எமது பகுதிக்குத் தானியங்கி வீதி விளக்குக் கட்டுப்படுத்திகள் தேவைப்படுகின்றன. விலை அறியத்தரவும்." எங்கள் வீதியில் வயரிங் வேலை செய்யும் அண்ணனிடம் காட்டினேன். "இத வச்சு அவன் என்ன விலை போடுவான் தம்பி? எத்தின வோட் எண்டு ஒண்டும் இல்லையே. லைட்ட எண்ணிட்டு வாங்க, மறுகா எழுதுவம்" என்றார்.

இரவில் கொப்பியோடு நடந்தோம். 12 விளக்கு 50 வோட் எல்.ஈ.டி, 6 விளக்கு பழைய 150 வோட் சோடியம். சோடியத்துக்கு சோக் இழுப்பதையும் சேர்த்து ஒன்றுக்கு 170 வோட் என்று வைத்தால், எல்லாமாக 1,620 வோட். 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 7 அம்பியர். சோடியம் விளக்கின் கப்பாசிட்டர் பழுதாகியிருந்தால் இன்னும் கூடும்.

இருட்டினால் விளக்கைப் போட்டு விடிந்தால் அணைப்பது போட்டோசெல். கடையில் கிடைக்கும் சாதாரண போட்டோசெல் 10 அம்பியர் தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கும். 7 தானே, போதாதா என்று கேட்டேன். அண்ணன் சொன்ன விளக்கம்தான் கடிதத்தையே மாற்றியது. எல்.ஈ.டி விளக்குக்குள் இருக்கிற டிரைவர், கரண்ட் வந்த கணத்தில் தன் வழமையான அளவைவிடப் பல மடங்கு இழுக்கும். கண் இமைக்கும் நேரம்கூட இல்லை, ஆனால் 12 டிரைவரும் ஒன்றாக இழுக்கும். அந்த அடியில் போட்டோசெல்லின் உள்ளே இருக்கிற தொடுமுனை உருகி ஒட்டிவிடும். ஒட்டினால் விளக்கு பகலிலும் அணையாது. செல் போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். ஆகவே போட்டோசெல் இருட்டைப் பார்க்கிற கண்ணாக மட்டும் இருக்கட்டும், சுமையை, அது சொன்னபடி போட்டு அணைக்கிற பெரிய சுவிட்சான ஒரு கொன்டாக்டர் தூக்கட்டும் என்றார்.

கடைசியில் போன கடிதத்தின் நடுப்பகுதி இது:

"ஒரே சுவிட்ச் கம்பியில் இணைந்த 18 விளக்குகள், மொத்தம் 1,620 வோட், 230 வோல்ட், ஒற்றைப் பேஸ். போட்டோசெல், 25 அம்பியர் கொன்டாக்டர், பிரேக்கர், கையால் இயக்கும் சுவிட்ச் ஆகியன அடங்கிய, மழை புகாத (IP65) ஒரு பெட்டிக்கு விலை தரவும். இடம் கடலோரமாகையால் பெட்டி பிளாஸ்டிக்காகவும் ஆணிகள் துருப்பிடிக்காத உருக்காகவும் இருத்தல் வேண்டும். பொருள், பொருத்தும் கூலி, வற் வரி ஆகியவற்றைத் தனித்தனியே காட்டவும். விலை 60 நாள் செல்லுபடியாக வேண்டும். பகலில் சோதித்த பின்னரே மிகுதிப் பணம் வழங்கப்படும்."

60 நாள் கேட்டதற்குக் காரணம் உண்டு. விலைமனுக்களில் வழமையாக 30 நாள்தான் போடுவார்கள். சபையில் கோப்பு நகர்வதற்குள் அது முடிந்து விலை ஏறிவிடும்.

மூன்று பதில்கள் வந்தன. ஒருவர் கடிதத்தைப் படிக்கவே இல்லை போலும்: 18 தனித்தனி சென்சருக்கு மொத்தத் தொகை ஒன்று. ஒவ்வொன்றும் பழுதாகும்போது ஏணி வைத்து ஏற யார் இருக்கிறார்கள்? இன்னொருவர் போட்டோசெல்லுக்குப் பதிலாக டைமர் தந்தார், விலை குறைவு. ஆனால் மட்டக்களப்பில் சூரியன் மறையும் நேரம் நவம்பருக்கும் யூலைக்கும் இடையில் ஏறத்தாழ 40 நிமிடம் மாறுகிறது. மாரியில் மேகம் மூடினால் ஐந்து மணிக்கே இருட்டு. பற்றரி இல்லாத டைமர் என்றால் கரண்ட் போய் வந்ததும் நேரமும் குழம்பும். மூன்றாமவர் விலை போடுமுன் தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்வி: "பெட்டி வைக்கிற கம்பத்திலயே லைட் இருக்கா?" இருக்கிறது. அப்படியென்றால் போட்டோசெல் அந்த வெளிச்சத்தையே பார்த்து, விடிந்துவிட்டது என்று அணைத்து, இருட்டானதும் மறுபடி போட்டு, இரவு முழுக்க மினுங்கவைக்கும். அதை மறுபக்கம் திருப்பிப் பொருத்தத் தகடொன்றும் விலைமனுவில் சேர்த்திருந்தார். விலை நடுத்தரம். குழு அவரையே தெரிவு செய்தது.

சபையின் மின் ஊழியர் முன்னிலையில் பெட்டி ஏறியது. நண்பகலில் போட்டோசெல்லைக் கறுப்பு டேப்பால் மூடினோம். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. தலைவர் என்னைப் பார்த்தார். வாகன வெளிச்சத்துக்கெல்லாம் ஏமாறாமலிருக்க அந்தத் தாமதம் வேண்டும் என்று விற்பனையாளர் சொல்லி முடிக்கவும் கொன்டாக்டர் 'டக்' என்று விழுந்தது. 17 எரிந்தன. எரியாத ஒன்று பியூஸ் போன பல்ப், அது சபையின் கணக்கு. மிகுதிக்குக் காசோலை எழுதிக் கொடுத்தோம்.