சிறுதொழில் திட்ட அறிக்கையில் என்பிவி, பேபேக் சரிபார்ப்பது எப்படி?

நிதி மேலாண்மைத் தாளுக்குப் படித்தபோது எனக்கு மிகவும் உதவியது, ஒருவர் போட்டு வைத்த கணக்கைச் சரிபார்க்கச் சொல்லும் கேள்விகள்தான். அந்த வகையில் ஒன்றைப் போட்டுக் காட்டுகிறேன்.

மரச்செக்கு எண்ணெய் ஆலை. முதலீடு ₹4,00,000, ஆயுள் 5 ஆண்டு, கடைசியில் இயந்திரத்துக்கு மதிப்பில்லை. ஆண்டு லாபம் 20,000, 40,000, 70,000, 70,000, 20,000. தள்ளுபடி வீதம் 12%. அறிக்கை சொல்லும் விடை: நிகர தற்போதைய மதிப்பு (என்பிவி) ₹39,095, முதலீடு திரும்பும் காலம் (பேபேக்) 3.2 ஆண்டு. வரி இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் பார்க்க வேண்டியது லாப வரிசையை. அது தேய்மானம் கழித்த லாபம். தேய்மானம் ஆண்டுக்கு 80,000. ஆனால் அந்தப் பணம் கையை விட்டுப் போவதில்லை, ஆகவே திரும்பக் கூட்ட வேண்டும். வரவு 1,00,000, 1,20,000, 1,50,000, 1,50,000, 1,00,000 என்று ஆகும். கடன் வட்டியை யாராவது கழித்திருந்தால் அதையும் திரும்பக் கூட்டுங்கள். 12% என்பதிலேயே முதலுக்கான செலவு அடங்கிவிட்டது. வட்டியைத் தனியே கழித்தால் ஒரே செலவு இரண்டு முறை வந்துவிடும்.

அப்புறம் 12% காரணிகள்: 0.893, 0.797, 0.712, 0.636, 0.567. பெருக்கினால் 89,300, 95,640, 1,06,800, 95,400, 56,700. கூட்டுத்தொகை 4,43,840. முதலீட்டைக் கழித்தால் 43,840. அட்டவணை இல்லாமல் துல்லியமாகப் போட்டால் 43,786. இந்தச் சின்ன வித்தியாசம் மூன்று தசமத்தோடு நிறுத்தியதால் வருவது, கவலை வேண்டாம்.

ஆனால் அறிக்கையின் 39,095 எங்கிருந்து வந்தது? 43,786-ஐ அதனால் வகுத்துப் பாருங்கள்: 1.12. அதாவது மொத்தக் கணக்கும் ஓராண்டு கூடுதலாகத் தள்ளுபடி ஆகியிருக்கிறது. எக்செலின் `NPV`, வரிசையின் முதல் எண்ணையே முதலாண்டு முடிவில் வருவதாக எடுத்துக்கொள்ளும். முதலீட்டையும் (B2) சேர்த்து `=NPV(12%,B2:B7)` என்று கொடுத்தால் இப்படித்தான் ஆகும். சரியான வடிவம்:

```
=NPV(12%,B3:B7)+B2
```

B2-இல் -400000 என்று குறைக்குறியோடு இருக்க வேண்டும்.

3.2 ஆண்டு சரிதான்: மூன்று ஆண்டில் 3,70,000 வந்துவிடும், மீதி 30,000 என்பது நான்காம் ஆண்டு வரவில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் இது ஆண்டு முழுவதும் பணம் சீராக வரும் என்ற அனுமானத்தில் நிற்கிறது. பண்டிகைக் காலத்தில் மட்டும் விற்பனை ஏறும் எண்ணெய்க்கு அந்த 0.2-ஐ நான் அவ்வளவாக நம்ப மாட்டேன்.

கேள்வியில் "தள்ளுபடி செய்த பேபேக்" என்று இருந்தால் விடை மாறும். நான்கு ஆண்டில் 3,87,140தான் சேர்கிறது. மீதி 12,860, ஐந்தாம் ஆண்டின் 56,700-இல் 0.23. ஆக 4.23 ஆண்டு. ஆயுளே 5 ஆண்டுள்ள இயந்திரத்துக்கு இந்த எண்ணை விடைத்தாளில் தனி வரியாக எழுதிவிடுங்கள். என்பிவி கூட்டல் குறியில் வந்தாலும், கடைசி ஆண்டு வரவு பாதிக்கு மேல் குறைந்தால் திட்டம் தாங்குமா என்பதை அடுத்து அதை வைத்தே எழுதலாம்.