410 அனுப்பிய செவ்வாய்க்கிழமை

கோத்தகிரியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து சர்வர் வேலை பார்க்கிறேன். எங்கள் செயலி சிறு தேயிலை விவசாயிகளுக்கானது. இலை ஏஜெண்ட் ஊர் ஊராகப் போய்ப் பச்சை இலையை எடை போட்டு, விவசாயி எண்ணையும் கிலோவையும் போனில் பதிவார். அது எங்கள் ஏ.பி.ஐ. வழியாக ஃபேக்டரிக்கும் விவசாயியின் போனுக்கும் போகும். செயலியின் முதல் பதிப்பு பேசியது அந்த ஏ.பி.ஐ.-யின் முதல் பதிப்பான v1 உடன். அதை மூடப் போய் நான் பட்ட பாடுதான் இது.

v2 ஏன் வந்தது என்றால், கழிவு. மழை நாளில் இலை நனைந்திருக்கும். சாக்கின் எடையோடு தண்ணீருக்கும் சேர்த்து ஏஜெண்ட் கொஞ்சம் கழிப்பார். v1-இல் அந்தக் கணக்கை அவர் மனதில் போட்டுவிட்டு, மிச்சத்தை முழு கிலோவாக அடிப்பார். எவ்வளவு கழித்தார் என்பது விவசாயிக்குத் தெரியாது. அதனால் v2-இல் மொத்த எடை ஒரு கட்டம், கழிவு ஒரு கட்டம், இரண்டும் கிராமில்.

v1-ஐயே திருத்திவிடலாமே என்று முதலில் தோன்றியது. முடியாது. பழைய செயலி `kg` என்ற இடத்தில் முழு எண்ணைத்தான் எதிர்பார்க்கும். 42.6 என்று அனுப்பினால் படிக்கத் தெரியாமல் அப்படியே விழுந்துவிடும். ஆகவே v2 தனியாக வந்தது. உள்ளே ஒரே தரவுத்தளம், v1 அதன் மேல் ஒரு மொழிபெயர்ப்பாளன் மாதிரி.

அந்த மொழிபெயர்ப்பிலும் ஒரு கண்ணி இருந்தது. v1-இலிருந்து 42 வந்தால் முதலில் நான் மொத்தம் 42000, கழிவு 0 என்று எழுதினேன். பார்த்தால் சரிதான். ஆனால் அந்த 42 கழித்த பிறகு வந்த எண். கழிவு 0 என்றால் ‘இவர் எதுவும் கழிக்கவில்லை’ என்று விவசாயி படிப்பார், அது பொய். நிகர எடையை மட்டும் எழுதி, மற்ற இரண்டையும் `null` என்று விட்டேன். தெரியாததைத் தெரியாதென்றே வைப்பதுதான் முறை.

சரி, ஒரு வருடம் ஓடியது. பெரும்பாலானவர்கள் புதிய செயலிக்கு வந்துவிட்டார்கள். v1 பதில்களில் `Sunset` ஹெட்டரில் மூடும் தேதியையும் போட்டிருந்தேன். 2019-இல் வந்த RFC 8594 சொல்கிற முறை அது. வேறு கம்பெனி டெவலப்பர்கள் நம் ஏ.பி.ஐ.-யைப் பயன்படுத்தினால் அது உதவும். ஏஜெண்டின் போனில் அதை யார் படிப்பது?

மூடுவதற்கு முன் ஒத்திகை பார்ப்பது வழக்கம். குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் பழைய வாசலைச் சாத்தி, யார் கதவைத் தட்டுகிறார்கள் என்று பார்ப்பது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11 மணியைத் தேர்ந்தெடுத்தேன், லாக்கில் v1 கோரிக்கைகள் குறைவாக இருந்த நேரம் அது. ஒரு மணி நேரம் எல்லா v1 கோரிக்கைக்கும் 410 கொடுத்தேன். ‘இங்கே இருந்தது, இனி இல்லை’ என்று சொல்லும் எண், இலக்கணப்படி சரியான பதில். யாரும் கூப்பிடவில்லை. 12 மணிக்குத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

சாயங்காலம் அரவேணு பக்கத்து ஏஜெண்ட் ஒருவர் போன் செய்தார். “தம்பி, காலையில போட்ட ஒன்பது எடை காணோமே. போன்லயும் இல்ல, ஃபேக்டரியிலயும் இல்லங்கிறாங்க.”

போன்லயும் இல்லை என்றதும்தான் வயிற்றைக் கலக்கியது. சிக்னல் இல்லாத இடத்தில் போட்ட எடைகளைச் செயலி வரிசையில் சேமித்து வைத்து, சிக்னல் கிடைத்ததும் அனுப்பும். அன்று அவர் வளைவில் ஏறி மேட்டுக்கு வந்த நேரம் 11:20. பழைய செயலியின் மூலக்கோடைத் தோண்டினேன்.

```
if (code >= 400 && code < 500) queue.remove(item)
```

எழுதியவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. தப்பான விவசாயி எண் அடித்த ஒரு பதிவு வரிசையின் தலையில் மாட்டிக்கொண்டால் பின்னால் உள்ள எதுவும் போகாது. அதனால் சர்வர் 4-இல் தொடங்கும் பதில் கொடுத்தால் அந்தப் பதிவைத் தூக்கிப் போடச் சொல்லியிருந்தார். என் 410-ஐயும் அது அப்படித்தான் புரிந்துகொண்டது. ஒவ்வொன்றாக அனுப்பி, ஒவ்வொன்றாக அழித்தது. சர்வர் லாக்கில் கோரிக்கை வந்த நேரம் இருக்கிறது, உள்ளே இருந்த எடை இல்லை. நல்லவேளை, அவர் கார்பன் வைத்த நோட்டிலும் எழுதுபவர். மறுநாள் நேரில் போய் ஒன்பதையும் பார்த்து ஏற்றினேன்.

அதன்பிறகு வேலையின் வரிசையே மாறியது. கையில் இருந்த பழைய APK-கள் ஒவ்வொன்றையும் போனில் ஏற்றி, மூடும்போது கொடுக்கப்போகும் பதிலைக் கொடுத்து, விமானப் பயன்முறையில் ஐந்து எடை போட்டு, பிறகு இணைத்துப் பார்த்தேன். ‘இப்போது முடியாது, பிறகு வா’ என்று சொல்லும் 503 கொடுத்தால் வரிசை அப்படியே நின்றது. அடுத்த ஒத்திகைகளை எல்லாம் 503-இல் நடத்தினேன்.

யார் மிச்சம் என்று எண்ணுவதிலும் தப்புப் பண்ணியிருந்தேன். ஒரு வாரக் கோரிக்கைகளை வைத்து ‘ஏறக்குறைய யாருமில்லை’ என்று முடிவு செய்தது மடத்தனம். விவசாயிகள் சிலர் செயலியை மாதம் ஒருமுறைதான் திறப்பார்கள், போன மாத இலைக்கு விலை தெரிந்ததும் கணக்குப் பார்க்க. 45 நாள் எடுத்து, கோரிக்கைகளை விட்டுவிட்டு ஆட்களை எண்ணினேன். முதல் செயலி தன் பதிப்பு எண்ணையே அனுப்பவில்லை என்பதால், User-Agent-இல் இருந்த `okhttp/3.12.1` என்ற ஒன்றுதான் அடையாளம். எண்ணிக்கை நான் நினைத்ததைப் போல மூன்று மடங்கு வந்தது.

இவர்களிடம் எப்படிச் சொல்வது? பழைய செயலிக்குள் புதிதாக எதையும் காட்ட முடியாது. ஆனால் கணக்குப் பக்கத்தின் அடியில் `note` என்று ஒரு வரி காட்டும், ஃபேக்டரி விடுமுறையை அறிவிக்க வைத்தது. அதில் ‘இந்தச் செயலி மார்ச்சோடு நிற்கும், ஏஜெண்டிடம் புதியதைக் கேளுங்கள்’ என்று தமிழில் போட்டேன். ஹெட்டர் சாதிக்காததை அந்த ஒரு வரி சாதித்தது. இரண்டே மாதத்தில் பாதிப் பேர் நகர்ந்தார்கள்.

கடைசியில் ஆறு ஏஜெண்டுகள் நின்றார்கள். சோலூர்மட்டத்தில் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். செயலியை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பி ஏற்றிக்கொண்டது, போனில் கூகுள் கணக்கே கிடையாது. தானாக அப்டேட் வர வழியில்லை. புதிய APK-யைக் கையோடு கொண்டுபோயிருந்தேன், அதுவும் ஏறவில்லை. போன் ஆண்ட்ராய்டு 5, எங்கள் புதிய செயலி 7-க்குக் கீழே இறங்காது. “வேற போன் வாங்கணுமா தம்பி?” என்று கேட்டார். தராசுக்கு அடியில் ஈரச் சாக்கு, அதன் மேல் அந்த போன்.

மூடும் தேதியன்று v1-இன் படிக்கும் வாசல்களை எல்லாம் 410-க்கு மாற்றினேன். அங்கே இழக்க எதுவும் இல்லை, கணக்கு சர்வரில் பத்திரமாக இருக்கிறது. `POST /v1/weighings` மட்டும் திறந்தே இருக்கிறது, மொழிபெயர்ப்பு அறுபது வரிதான். புதிய ஏஜெண்டுகளுக்கு அது கிடைக்காது, அந்த ஆறு கணக்குகளுக்கு மட்டும் அனுமதி. நேற்று இரவு ஏழரைக்கு லாக்கில் `okhttp/3.12.1`-இலிருந்து பதினான்கு எடைகள் வந்தன, எல்லாவற்றுக்கும் கழிவு `null`.