ஒரு 'ழ' தப்பியிருந்தால் சிலிண்டர்கள் வீண்

மசாலாப் பொடிக்கு வண்ணப் பை அடிப்பவர்களுக்குத் தெரியும். நிறத்துக்கு ஓர் அச்சுச் சிலிண்டர் செதுக்க வேண்டும். என் பைக்கு 6 நிறம். சிலிண்டருக்கே 40,000 ரூபாய்க்கு மேல் கேட்டார்கள். செதுக்கிய பிறகு பெயரில் ஓர் எழுத்தை மாற்றினாலும், அந்தப் பெயர் வரும் நிறங்களின் சிலிண்டர்களை மறுபடி செதுக்கியாக வேண்டும். ஆகவே பெயரை வணிகக் குறியாகப் பதிவு செய்ய முடியுமா என்று முதலிலேயே பார்த்துவிட நினைத்தேன். பார்க்கவும் செய்தேன். ஆனால் தவறாகப் பார்த்தேன்.

நான் தேர்ந்தெடுத்திருந்த பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு உரியவர் இன்றும் தொழில் நடத்துகிறார். நடுவில் 'ழ' வரும் பெயர் அது. 'தாழம்பூ' என்று வைத்துக்கொள்வோம்.

பணம் வாங்கிக்கொண்டு தேடித் தந்த முகவர் ஒரே பக்க அறிக்கை கொடுத்தார்: வகுப்பு 30, Thazhampoo, ஒன்றும் இல்லை. பதிவுக்காகப் பொருள்களை எண்ணிட்ட வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். மசாலா அந்த வகுப்பில்தான் வருகிறது என்பதால் நம்பிவிட்டேன். இணைய முகவரியும் கிடைத்ததால் பெயர் என்னுடையது என்றே முடிவு கட்டினேன். இணைய முகவரி கிடைப்பதாலேயே வணிகக் குறி நம்முடையதாகிவிடாது என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அச்சகத்திலிருந்து மாதிரி வந்தது. வடிவமைக்கும் பெண், ஆங்கிலத்தில் Thalampoo என்று போட்டிருந்தாள். கோபமாகத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "அக்கா, நீங்கள் தமிழில்தானே எழுதிக் கொடுத்தீர்கள்? எங்கள் ஊரில் இப்படித்தான் எழுதுவோம்" என்றாள்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. எனக்கு முன்னால் விண்ணப்பித்தவரும் இப்படி எழுதியிருந்தால்?

தமிழ் எழுத்தில் உள்ள குறிக்கு விண்ணப்பிப்பவர் அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தர வேண்டும். எப்படி எழுத்துக்கூட்டுவது என்பது அவரவர் பழக்கம். நாம் தேடுவது பெயரை என்று நினைக்கிறோம். உண்மையில் முன்பின் தெரியாத ஒருவருடைய எழுத்துக்கூட்டலைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அன்றிரவே அரசின் பொதுத் தேடல் பக்கத்தைத் திறந்தேன். Wordmark பிரிவில் Start With, Contains, Match With என்று மூன்று வழிகள் உண்டு. முகவர் முழுப் பெயரை மட்டும் கொடுத்துப் பார்த்திருந்தார். நான் Contains வைத்து, தகராறு பிடித்த 'ழ'வை விட்டுவிட்டு, பெயரின் வாலை மட்டும் இட்டேன்: ampoo, ampu, ambu, amboo. பட்டியல் நீண்டது, நேரமும் பிடித்தது. ஆனால் zh, l, z என்று யார் எப்படி எழுதியிருந்தாலும் இதில் சிக்கும். ஒலி ஒப்புமைக்கு Phonetic என்று தனித் தேடல் இருக்கிறது. எனக்கு அது கைகொடுக்கவில்லை. நான் zh போட்டுத் தேடியபோது l போட்ட பெயர் வரவே இல்லை.

வகுப்பு 30இல் ஒரு பெயர் கிடைத்தது. நிலை Abandoned. மூச்சு வந்தது. விண்ணப்பம் கைவிடப்பட்டிருக்கலாம், ஆனால் அவர் கடையைக் கைவிட்டார் என்று பொருள் இல்லையே. பதிவே இல்லாவிட்டாலும் எனக்கு முன்பிருந்தே அந்தப் பெயரில் விற்பவர் வழக்குத் தொடுக்கலாம். கடைகளில் விசாரித்தேன், அந்தப் பெயரில் எதுவும் விற்பனையில் இல்லை.

பிறகு வகுப்பு 29. ஊறுகாய் அங்கேதான் வருகிறது. முகவர் அந்தப் பக்கமே போகவில்லை. அங்கே இருந்தது: l போட்ட எழுத்துக்கூட்டல், Registered, பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள ஊறுகாய்ப் பெயர். வகுப்பு வேறாக இருந்தாலும், பொருள்கள் ஒன்றையொன்று ஒத்திருந்து பெயரும் ஒலியில் ஒத்திருந்தால் வணிகக் குறிச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் பதிவை மறுக்கலாம். ஊறுகாயும் மசாலாவும் மளிகைக் கடையில் ஒரே அலமாரியில் இருப்பவை. என்ன வாதாடுவேன்?

பெயரை விட்டுவிட்டேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அடுத்து நினைத்த பெயர் சுவையைச் சொல்லும் சொல். பொருளின் தன்மையை மட்டும் சொல்லும் சொல்லுக்கு 9ஆம் பிரிவு தடை. தமிழ்ச் சொல் என்று தப்பவும் முடியாது, விண்ணப்பத்தில் பொருளை எழுதித்தானே ஆக வேண்டும். அதையும் அடித்துவிட்டேன். மூன்றாவது, பாட்டி எங்கள் பசுவைக் கூப்பிட்ட பெயர். மசாலாவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அதுதான் அதன் பலம். 29, 30, கடை விற்பனைக்கான 35 ஆகிய மூன்றிலும் எட்டு விதமான எழுத்துக்கூட்டலில் தேடினேன். எதுவும் சிக்கவில்லை.

பதிவு விண்ணப்பமான TM-A படிவத்தை இணையத்தில் நானே நிரப்பினேன். தனிநபருக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். முதல் பெயரில் கட்டியிருந்தால் அந்தப் பணம் திரும்பி வந்திருக்காது. விண்ணப்ப எண் கைக்கு வந்த அன்றுதான் அச்சகத்துக்குச் சம்மதம் சொன்னேன். பையில் பெயருக்குப் பக்கத்தில் TM மட்டும் போடச் சொன்னேன். வட்டத்துக்குள் R இருக்கும் குறியைப் பதிவு கிடைக்கும் முன் போடக் கூடாது. வடிவமைத்த பெண் அழகுக்காக அதைத்தான் வைத்திருந்தாள். இந்த முறை பொறுமையாகச் சொல்லி எடுக்க வைத்தேன்.